ஏழாவது பாராவுல ஒளிஞ்சிருந்த விஷயம்

2024 மார்ச் 11, திங்கக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி. லேப்டாப்பை மூடி பேக்ல வைக்கப் போறேன், அப்பதான் அமெரிக்காவுல இருந்து ஒரு மெயில் வந்துச்சு. அனுப்பினது எங்க கிளையன்டோட வி.பி. அவர் எனக்கு நேரா மெயில் போட்டதே அதுதான் முதல் தடவை. ரெண்டே வரி. மார்ச் ஒண்ணாம் தேதியில இருந்து கிளவுட் பில்லுல தினமும் 192 டாலர் புதுசா ஏறியிருக்கே அது என்ன, எனக்கு ஏன் யாரும் சொல்லல.

எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஏன்னா நான் சொல்லியிருந்தேன். ஜனவரி 10ஆம் தேதியே சொல்லியிருந்தேன். சென்ட் ஐட்டம்ஸ்ல போய் அந்த மெயிலை எடுத்து, இதோ பாருங்க சார்னு ஃபார்வர்ட் பண்றதுக்காகவே தேடினேன், கிடைச்சுது, திறந்தேன், படிச்சேன். பாதியிலேயே கோவம் போயிடுச்சு. அனுப்பினவன் நானே மேட்டர் எங்க இருக்குன்னு ஸ்க்ரோல் பண்ணித் தேட வேண்டியதா இருந்துச்சு.

கதை புரியறதுக்கு விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிடறேன். அந்த கிளையன்டுக்கு அமேசான் கிளவுட்ல, வர்ஜீனியா ரீஜியன்ல, அஞ்சு மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இருந்துச்சு, எல்லாமே 5.7 வெர்ஷன். அந்த வெர்ஷனை வெளியிட்டவங்களே 2023 அக்டோபரோட கைகழுவிட்டாங்க. அமேசான் 2024 பிப்ரவரி 29 வரைக்கும் சாதாரண சப்போர்ட் குடுத்துட்டு, மார்ச் ஒண்ணுல இருந்து பழைய வெர்ஷன்ல இருக்கறவங்களுக்கு எக்ஸ்டெண்டட் சப்போர்ட்னு தனியா காசு வாங்க ஆரம்பிச்சாங்க. நாம எந்த பட்டனையும் அமுக்க வேண்டாம், சும்மா இருந்தாலே அதுல சேர்ந்துடுவோம், மீட்டர் ஓட ஆரம்பிச்சுடும். பேட்டையில வாடகை ஏத்தறவங்ககூட ஒரு வார்த்தை வீட்டுக்கு வந்து சொல்லிட்டுதான் ஏத்துவாங்க, இங்க ஒரு நோட்டிஃபிகேஷன் வரும், அதுவும் யாரும் பாக்காத ஒரு பொது மெயில் ஐடிக்கு.

இப்ப என் ஜனவரி மெயில். மொத்தம் ஒன்பது பாரா. சப்ஜெக்ட், "டேட்டாபேஸ் வெர்ஷன் குறித்த அப்டேட்". முதல் பாரா, புத்தாண்டு வாழ்த்து, விடுமுறை நல்லா போயிருக்கும்னு நம்புறேன். ரெண்டாவது பாரா, இந்த டேட்டாபேஸ் எல்லாம் எப்ப யாரு அமைச்சாங்கங்கற வரலாறு. மூணாவது, 5.7க்கும் அடுத்த வெர்ஷனான 8.0க்கும் டெக்னிக்கலா என்ன வித்தியாசம். நாலாவது, டிசம்பர்ல நாங்க பண்ணின ஆய்வு, எத்தனை குவெரி பார்த்தோம், எதுல என்ன பிரச்சனை. அஞ்சும் ஆறும் அதோட தொடர்ச்சி. ஏழாவது பாராவோட நடுவுல, "மேலும் பிப்ரவரி 29க்குப் பிறகு கூடுதல் கட்டணம் பொருந்தக்கூடும் என்பதையும் கவனத்தில் கொள்ளலாம்". எட்டாவதுல, ரிலீஸ் அட்டவணையைப் பொறுத்து அப்கிரேடைத் திட்டமிடலாம். ஒன்பதாவது, நம்ம ஊரு ஐ.டி. காரங்களோட தேசிய கீதம், "ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்".

அந்த நீட்ஃபுல் என்னன்னு மெயில்ல எங்கயுமே இல்ல. அவர் அப்ரூவ் பண்ணணுமா, காசு ஒதுக்கணுமா, ரிலீஸைத் தள்ளணுமா, இல்ல சும்மா தெரிஞ்சுக்கிட்டாப் போதுமா? "பொருந்தக்கூடும்"னு எழுதியிருக்கேன், எவ்வளவுன்னு எழுதல. கால்குலேட்டர்ல அரை நிமிஷ வேலை அது. அஞ்சு டேட்டாபேஸ், ஒவ்வொண்ணுலயும் எட்டு விசிபியூ, அதாவது பிராசசர் யூனிட், ஆக நாப்பது. எல்லாத்துக்கும் வேற இடத்துல ஒரு ஸ்டாண்ட்பை ஓடுது, அதுக்கும் சேர்த்துதான் சார்ஜ், ஆக எண்பது. அப்ப ஒரு விசிபியூவுக்கு மணிக்கு பத்து சென்ட். மணிக்கு எட்டு டாலர், ஒரு நாளைக்கு 192, வருஷத்துக்கு எழுபதாயிரம். இந்த எழுபதாயிரங்கற ஒரு நம்பர் ஜனவரி மெயில்ல மேல இருந்திருந்தா அவர் படிச்சிருப்பாரு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அடுத்த நாள் எங்க டெலிவரி மேனேஜர் மேடம் கூப்பிட்டாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டல. அவங்க ஃபோனை எடுத்து, ஜனவரி 10க்கு இன்பாக்ஸைத் தள்ளிக்கிட்டே போய், என் கையில குடுத்தாங்க. அவங்களும் சிசியில இருந்தாங்க.

"திறக்காத. வெளியில என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு."

என் பேரு. கீழ "டேட்டாபேஸ் வெர்ஷன் குறித்த அப்டேட்". அதுக்குக் கீழ சாம்பல் கலர்ல, புத்தாண்டு நல்வாழ்த்துகள், உங்களுடைய விடுமுறை மிகவும் இனிமையாக, அப்புறம் மூணு புள்ளி.

"இதுக்கு மேலயும் கீழயும் இருக்கறத படி."

மேல ஒருத்தரோட மெயில், ஆள் எடுக்கறதுக்கு அப்ரூவல் வேணும் இன்னைக்கேன்னு. கீழ ஒண்ணு, ப்ரொடக்‌ஷன் டவுன்னு.

"இந்த மூணுல நீ எதைத் திறப்ப? நானே உன் மெயிலைத் திறக்கலடா. உன் மேனேஜர் நான், எனக்கே தோணல. அந்த மனுஷனுக்கு எப்படித் தோணும்?"

சாரி மேடம்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா அந்தக் காட்சி மண்டையிலயே இருந்துச்சு. நாம மெயில் எழுதறது பெரிய மானிட்டர்ல, முழு மெயிலும் கண்ணு முன்னாடி விரிஞ்சு கிடக்கும், அதனால அவங்களும் அப்படித்தான் பாப்பாங்கன்னு நம்மளை அறியாம நினைச்சுக்கறோம். அவங்க பாக்கறது ஒரு மீட்டிங்ல இருந்து இன்னொரு மீட்டிங்குக்கு நடக்கும்போது, கட்டை விரல்ல, ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியை நான் வாழ்த்துக்குக் குடுத்துட்டேன்.

ஏன் அப்படி எழுதினேன்னு யோசிச்சுப் பார்த்தா ரெண்டு காரணம் தோணுது. ஒண்ணு, நான் கண்டுபிடிச்ச வரிசையிலயே எழுதினேன். முதல்ல வரலாறு தெரிஞ்சுது, அப்புறம் வித்தியாசம், அப்புறம் டெஸ்டு, கடைசியா முடிவு, அதே வரிசை மெயில்லயும். டிசம்பர் முழுக்க உக்காந்து குவெரி பார்த்திருக்கேன், அந்த உழைப்பு தெரியணுமில்ல.

இன்னொண்ணு நம்ம வளர்ப்பு. அஞ்சாங்கிளாஸ்ல லீவ் லெட்டர் எழுதக் கத்துக்குடுத்தாங்களே அதை நினைச்சுப் பாருங்க. எனக்கு நேற்று இரவு முதல் கடுமையான காய்ச்சல் இருப்பதாலும் மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பதாலும் என்னால் பள்ளிக்கு வர இயலவில்லை, ஆகவே எனக்கு இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கேக்கறது கடைசியில, அதுவும் பணிவோட. எடுத்த எடுப்புல "ரெண்டு நாள் லீவ் வேணும்"னு ஆரம்பிச்சா திமிரு. நம்ம மொழியே அப்படித்தான், "ஆல்" "ஆல்"னு காரணத்தை எல்லாம் அடுக்கிக்கிட்டே போய் வினைச்சொல்லை வாக்கியத்தோட கடைசியில கொண்டு வந்து வைக்கும், பேசும்போது அது அழகு, எதிர்ல இருக்கறவன் "சரி, சொல்லு"ன்னு காத்திருப்பான். நான் இங்கிலீஷ்ல எழுதினாலும் உள்ள ஓடுறது அந்த லீவ் லெட்டர்தான்.

ஆனா நம்ம ஊர்லயே தந்தின்னு ஒண்ணு இருந்துச்சு, 2013ல நிறுத்திட்டாங்க. அதுல யாரும் காரணத்தை அடுக்கல. அப்பா சீரியஸ், உடனே புறப்படு. வார்த்தைக்கு வார்த்தை காசுங்கறதால என்ன பண்ணணுங்கறது மட்டும்தான் மிஞ்சும், என்னாச்சு எப்படியாச்சுங்கறதை ஊருக்கு வந்து தெரிஞ்சுக்கோ. அதனால முடிவை முன்னாடி சொல்றது ஏதோ வெள்ளைக்காரன் கலாச்சாரம், நமக்கு வராதுன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். அமெரிக்க ராணுவத்துல இதுக்கு பிளஃப்னு ஒரு சுருக்கப் பேரே வெச்சிருக்காங்க, சாராம்சத்தை முதல் வரியில வைங்கறதுதான் அதோட அர்த்தம், ஆபீஸ் கடிதம் எழுதறதுக்கான விதியிலயே மெயின் பாயிண்ட்டை ஆரம்பத்துல சொல்லுன்னு போட்டிருக்காங்க. எங்க பாட்டி தந்தியை அதுக்கு முன்னாடியே பார்த்துட்டாங்க.

சரி, வி.பி.க்கு பதில் போடணும். முதல்ல நான் எழுதின டிராஃப்ட் ஜனவரி மெயிலைவிட மோசம், ஏன்னா இப்ப அதுல என்னைக் காப்பாத்திக்கறதும் சேர்ந்துடுச்சு. ஜனவரி 10 அன்று நான் அனுப்பிய மின்னஞ்சலில் குறிப்பிட்டது போல, அப்படின்னு ஆரம்பம். மேடம் அதைப் பார்த்துட்டு, "அவர் கேட்டது காசு எங்க போகுதுன்னு. நீ சொல்றது என் மேல தப்பில்லன்னு. இதைப் படிச்சுட்டு அவர் என்ன பண்ணணும்?" அப்படின்னாங்க. அவர் என்ன பண்ணணுங்கறதை ஒரு வரியில சொல்லுன்னாங்க, எனக்கு உடனே வாயில வரல. அதுதான் உண்மையான பிரச்சனைன்னு அப்பதான் புரிஞ்சுது. மெயில்ல முடிவு கடைசியில இருந்ததுக்குக் காரணம் நான் அதைக் கடைசியில வெச்சது மட்டுமில்ல, எனக்கே அது தெளிவா இல்ல. அப்கிரேடு பண்ணணும், சரி, அதுக்கு அவர் எதுக்கு? டெக்னிக்கல் வேலை எங்களோடது. அவரால மட்டும் ஆகற காரியம் எது? உக்காந்து யோசிச்சா ரெண்டுதான். ஏப்ரல்ல போக வேண்டிய ஒரு ரிலீஸை ரெண்டு வாரம் தள்ளணும், அதை அவர்தான் பிசினஸ் டீம்கிட்ட சொல்ல முடியும். டெஸ்டிங் சமயத்துல ஒரு டூப்ளிகேட் செட்டப் ஓட்ட ரெண்டாயிரம் டாலர் வேணும், அது அவர் பட்ஜெட். மத்த எதுக்கும் அவர் தேவையே இல்ல.

இது தெரிஞ்சதும் மெயில் அரை மணி நேரத்துல முடிஞ்சுது. போனது இங்கிலீஷ்ல, இங்க நம்ம பேச்சுல எழுதறேன்:

> சப்ஜெக்ட்: மார்ச் 22 வெள்ளிக்குள்ள உங்க முடிவு வேணும்: டேட்டாபேஸ் அப்கிரேடு, தினமும் ஆகற 192 டாலர் செலவை நிறுத்த
>
> அஞ்சு டேட்டாபேஸையும் ஏப்ரல் 13 சனி ராத்திரி புது வெர்ஷனுக்கு மாத்தலாங்கறது எங்க ரெகமெண்டேஷன். உங்ககிட்ட ரெண்டு அப்ரூவல் வேணும்: ஏப்ரல் ரிலீஸை ரெண்டு வாரம் தள்ளறது, டெஸ்டிங்குக்கு ஒரு தடவை செலவு 2,000 டாலர்.
>
> நீங்க கேட்ட 192 டாலர், பழைய வெர்ஷன்லயே இருக்கறதுக்கு அமேசான் மார்ச் 1ல இருந்து போடற கட்டணம். மாத்தலைன்னா வருஷத்துக்கு சுமார் 70,000, மார்ச் 2026ல இந்த ரேட் டபுள் ஆகும். ஜனவரியில இதை நான் தெளிவா சொல்லியிருக்கணும், சொல்லல.
>
> மாத்தறதுல ஒரு ரிஸ்க் இருக்கு: கஸ்டமருக்குப் போற மாதாந்திர ஸ்டேட்மென்ட்ல வரிகளோட வரிசை மாறலாம். அதைச் சரி பண்ணி டெஸ்ட் பண்ணத்தான் அந்த ரெண்டு வாரம்.
>
> வெள்ளியைத் தாண்டினா, ஸ்டேட்மென்ட் ஓடற நாட்களைத் தவிர்த்து அடுத்த தேதி மே 11. அந்த நாலு வாரத்துக்கு 5,400 டாலர் கூட ஆகும்.
>
> இதுக்குக் கீழ இருக்கறது விவரம் வேணுங்கறவங்களுக்கு: கணக்கு, ரிஸ்க் பத்தி, மாத்தற முறை.

இதுக்கு அப்புறம் ஒரு கோடு. அதுக்குக் கீழ மிச்சமெல்லாம்.

இதுல சில விஷயம் நான் முதல் தடவை எழுதினபோது இல்ல, அடிச்சுத் திருத்தி வந்தது. ரிஸ்க் வரி அப்படித்தான். முடிவை மேல வைக்கணும்னு சொன்னதும் நான் உற்சாகத்துல ஸ்டேட்மென்ட் விஷயத்தை மொத்தமா கீழ தள்ளிட்டேன், அது டெக்னிக்கல் டீட்டெயில்தானேன்னு. மேடம்தான் பிடிச்சாங்க. "இது தெரிஞ்சா அவர் முடிவு மாறுமா?" மாறலாம் மேடம். "அப்ப அது டீட்டெயில் இல்ல." அன்னைல இருந்து எனக்கு இதுதான் தராசு. ஒரு வரி எவ்வளவு டெக்னிக்கலா இருந்தாலும் சரி, அது தெரிஞ்சா அவர் சொல்ற பதில் மாறும்னா மேல வரும், மாறாதுன்னா கீழ போகும், அதுக்காக நான் எத்தனை நாள் உழைச்சேங்கறது கணக்குல வராது. மேல இனிப்பை வெச்சுட்டு கசப்பைக் கீழ ஒளிச்சு வெச்சா அது வேற விஷயம், அதுக்குப் பேரு ஏமாத்து வேலை, ஒரு தடவை மாட்டினா அப்புறம் நம்ம மெயில்ல மேல இருக்கற எதையும் அவங்க நம்ப மாட்டாங்க, ஒவ்வொரு தடவையும் கீழ வரைக்கும் தேடிப் படிப்பாங்க.

அந்த ஸ்டேட்மென்ட் பிரச்சனை என்னன்னும் காட்டறேன், மேலயும் கீழயும் ஒரே விஷயம் எப்படி வேற வேற உருவத்துல நிக்குதுன்னு தெரியும். கோட்ல இந்த மாதிரி ஒரு குவெரி இருந்துச்சு:

```sql
SELECT txn_date, SUM(amount)
FROM txns
WHERE acct_id = ?
GROUP BY txn_date;
```

5.7ல `GROUP BY` போட்டா, கேக்காமலே தேதி வரிசையில அடுக்கிக் குடுத்துடும். 8.0ல அந்த இலவசம் இல்ல, வரிசை வேணும்னா `ORDER BY txn_date` நாமளே எழுதணும். எர்ரர் எதுவும் வராது, அதான் ஆபத்து. குவெரி ஓடும், தொகை சரியா இருக்கும், ஆனா ஸ்டேட்மென்ட்ல 17ஆம் தேதிக்கு அப்புறம் 4ஆம் தேதி வரலாம். டிசம்பர்ல நான் வாரக் கணக்குல தேடினது இந்த மாதிரி குவெரிகளைத்தான், ஜனவரி மெயில்ல மூணு பாரா முழுக்க இதுதான் இருந்துச்சு. வி.பி.க்கு அது ஒரு வரி. கஸ்டமர் ஸ்டேட்மென்ட்ல வரிசை மாறலாம், அவ்வளவுதான், அது அவருக்கு உடனே வயித்தைக் கலக்கும், ஏன்னா ஃபோன் அடிக்கப் போறது அவருக்கு. `GROUP BY`ன்னு சொன்னா கலக்காது. கீழ அவங்க ஆர்க்கிடெக்டுக்காக இந்தக் குவெரி, எத்தனை இடத்துல இருக்கு, எப்படிக் கண்டுபிடிச்சோம் எல்லாம் முழுசா வெச்சேன். எதையும் தூக்கிப் போடல. இதைத்தான் நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க, மேலதிகாரிக்கு மெயில்னா சின்னதா இருக்கணும்னு. என் மார்ச் மெயிலும் நீளத்துல ஜனவரி மெயிலுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவர் எங்க நிறுத்தலாங்கறது மட்டும்தான் மாறுச்சு.

அந்த "சொல்லல"ங்கற வரிக்கும் ஒரு சண்டை நடந்துச்சு. அதை எழுத எனக்கு மனசே வரல, சொன்னேனே, மெயில் இருக்கேன்னு. கடைசியில ஒரு வாக்கியத்துல முடிச்சேன். அதை மேல வைக்காம விட்டிருந்தா அவர் முதல்ல அதைத்தான் கேட்டிருப்பாரு, முடிவு தள்ளிப் போயிருக்கும்.

இன்னொண்ணு தைரியம். "எங்க ரெகமெண்டேஷன்"னு எழுதறதுக்கு கை நடுங்குச்சுன்னு சொன்னா நம்புவீங்களா? நாம வெண்டர், சென்னையில ஒரு மூலையில உக்காந்திருக்கோம், அவர் கம்பெனி, அவர் காசு, நாம யாரு இதைப் பண்ணுங்கன்னு சொல்றதுக்கு? அதனாலதான் நம்மாளுங்க மூணு ஆப்ஷன் எழுதி, ஒவ்வொண்ணுக்கும் நல்லது கெட்டது டேபிள் போட்டு, "ப்ளீஸ் அட்வைஸ்"னு முடிச்சுடுவாங்க. பாக்க மரியாதையா இருக்கும். உண்மையில அது நம்ம தலைவலியை அவர் தலையில இறக்கி வைக்கறது, ஏன்னா அந்த மூணு ஆப்ஷனையும் ஒப்பிட்டுப் பாக்கற வேலையை இப்ப அவர் பண்ணணும், நம்மைவிடக் கம்மியான தகவலோட. எது நல்லதுன்னு டிசம்பர் முழுக்கப் பார்த்தவன் நான், நான்தான் சொல்லணும். வேண்டாம்னா அவர் வேண்டாம்னு சொல்லட்டும், வேண்டாம்னு சொல்றதும் ஒரு பதில்தானே, எனக்கு ஜனவரியில கிடைக்காதது அதுதான்.

சிலர் இன்னும் ஒரு படி மேல போய், வெள்ளிக்குள்ள பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன்னு எழுதுவாங்க. அதை நானும் பண்றேன், ஆனா நம்ம அதிகாரத்துக்குள்ள இருக்கற, திருப்பி எடுக்க முடியற சின்ன விஷயத்துக்கு மட்டும். டெஸ்ட் சர்வரை வேற நேரத்துக்கு மாத்தறதுக்கு போடலாம். அடுத்தவர் காசுக்கும் அடுத்தவர் ரிலீஸுக்கும் போடக் கூடாது, மௌனம் சம்மதங்கறது கல்யாண வீட்டுப் பேச்சு, பட்ஜெட்டுக்குச் செல்லாது. அதனாலதான் இந்த மெயில்ல அதுக்குப் பதிலா மே 11ங்கற தேதியையும் 5,400ங்கற தொகையையும் போட்டேன். பதில் சொல்லாம இருந்தா அதுக்கு என்ன விலைங்கறது அவருக்குத் தெரிஞ்சாப் போதும்.

எல்லா மெயிலையும் இப்படி எழுத முடியாதுங்கறதையும் சொல்லணும். ஒருத்தரை டீமை விட்டு எடுக்கற மாதிரி மனுஷங்க சம்பந்தப்பட்ட விஷயத்துல முதல் வரியிலயே போட்டு உடைச்சா அசிங்கமா இருக்கும், அதுக்கு ஃபோன்தான். அப்புறம் அந்த அதிகாரியே முன்னாடி எடுத்த முடிவை மாத்தச் சொல்றோம்னா, மெயில்ல அதை மேல வெச்சு பத்து பேரை சிசியில போட்டா அவர் மறுக்கறதைத் தவிர வேற வழியே இருக்காது. இதை நான் வேற ஒரு ப்ராஜெக்ட்ல பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டேன், அந்தக் கதை இன்னொரு நாள். முக்கியமா, நமக்கே இன்னும் முடிவு தெரியலைன்னா தெரிஞ்ச மாதிரி முதல் வரியில கம்பீரமா எழுதக் கூடாது. அப்ப முதல் வரி, இன்னும் தெரியல, 20ஆம் தேதி தெரியும், அதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் வேண்டாங்கறதுதான். அதுவும் அவருக்கு உபயோகமான வரிதான், மூடிட்டு அடுத்த மெயிலுக்குப் போகலாம்.

மெயிலை மார்ச் 13, புதன்கிழமை நம்ம நேரம் ராத்திரி அனுப்பினேன், அவங்களுக்குக் காலை. நாப்பது நிமிஷத்துல அவர் அதை அவங்க ஃபைனான்ஸ்காரருக்கும் ஆர்க்கிடெக்டுக்கும் ஃபார்வர்ட் பண்ணியிருந்தாரு, மேல ஒரே வரி: எனக்கு ஓகே, உங்களுக்கு ஏதாவது இருக்கா. என்னையும் சிசியில வெச்சிருந்தாரு. இங்கதான் கோட்டுக்குக் கீழ இருக்கறது யாருக்குன்னு எனக்கு நேர்ல தெரிஞ்சுது. அந்த மெயிலைப் பத்தி அவர் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கல, என்னைக் கால்ல கூப்பிட வேண்டியிருக்கல, மெயிலே தனியா நடந்து போய் பதில் சொல்லுச்சு. ஃபைனான்ஸ்காரர் கேட்டாரு, உங்க கிட்ட நாப்பது விசிபியூதானே, எண்பதுக்கு ஏன் கணக்கு போட்டிருக்கீங்கன்னு. நான் டைப் பண்ண ஆரம்பிக்கறதுக்குள்ள அவரே அடுத்த மெயில் போட்டுட்டாரு, ஸ்டாண்ட்பை, கீழ பார்த்துட்டேன், விடுங்க. கணக்குன்னு தலைப்பு போட்டு அதுக்குக் கீழ அஞ்சு பெருக்கல் எட்டு பெருக்கல் ரெண்டுன்னு ஒவ்வொரு படியா எழுதியிருந்தேன், ரெண்டு எதுக்குன்னும் பக்கத்துலயே எழுதியிருந்தேன். ஆர்க்கிடெக்ட் சில நாள் கழிச்சு மூணு கேள்வி அனுப்பினாரு, மூணும் நல்ல கேள்வி.

அப்ரூவல் மார்ச் 19ல வந்துச்சு, வெள்ளிக்கு மூணு நாள் முன்னாடியே.

ஏப்ரல் 13 சனி ராத்திரி பதினோரு மணி அவங்களுக்கு, நமக்கு 14ஆம் தேதி ஞாயிறு காலை எட்டரை, தமிழ்ப் புத்தாண்டு. தேதி போடும்போது இதைக் கவனிக்கவே இல்ல, வீட்டுல காலண்டரைப் பார்த்துட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு. புது வெர்ஷன்ல ஒரு நகலைப் பக்கத்துலயே ஓடவிட்டு, பழசுல எழுதறதெல்லாம் அதுக்கும் வந்துக்கிட்டே இருக்கும்படி வெச்சு, நேரம் வந்ததும் பேரை மாத்தி விடற முறை. ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் மாத்தறது ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுது, சரி பார்க்கத்தான் ரெண்டு மணி நேரம் ஆச்சு. பதினொண்ணரை மணிக்கு ஒரு மெயில் போட்டேன், சப்ஜெக்ட்லயே "முடிஞ்சது, உங்ககிட்ட எதுவும் வேண்டாம்". அவர் அதைத் திறந்தாரான்னுகூடத் தெரியாது, திறக்க வேண்டிய அவசியம் இல்ல. மாங்கா பச்சடி ஆறிப் போயிருந்துச்சு.

மே மாசம் முதல் வாரம் ஃபைனான்ஸ்காரர் மறுபடியும் எழுதினாரு. ஏப்ரல் பில்லுல அந்தக் கட்டணம் 3,800 டாலருக்கு மேல வந்திருக்கே, 13ஆம் தேதியோட முடிஞ்சுதுன்னீங்களே, 2,500 தானே வரணும்னு கேட்டு, நான் பதில் போடறதுக்கு முன்னாடியே கீழ ஒரு வரி சேர்த்திருந்தாரு. "பழைய டேட்டாபேஸை ஏதாவது ஆனா திரும்பறதுக்காக ஒரு வாரம் வெச்சிருப்போம், அந்த வாரத்துக்கும் சார்ஜ் உண்டுன்னு உங்க மார்ச் மெயிலோட கடைசியில எழுதியிருக்கீங்க. சரிதானே?"

சரிதான்னு பதில் போட்டேன்.